ஃபெயில் ஆன எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் பென்ஷன் வாங்கித் தந்த கதை!

போன வருஷம் ஜூன் மாதம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கும் என் சித்தப்பா போன் செய்தார்.

“அம்மிணி, எனக்கு 58 வயசாயிருச்சு. பி.எஃப். பென்ஷனுக்கு எழுதிப் போடலாம்னு போனா, ‘உங்களுக்கு இன்னும் 58 ஆகலைங்க’ங்கறாங்க. எனக்கு வயசாச்சா, ஆகலையான்னு எனக்குத் தெரியாதா?”

“ஆதார் கார்டுல என்ன தேதி இருக்கு சித்தப்பா?”

“ஒண்ணாந்தேதி, ஒண்ணாம் மாசம், 1969.”

விஷயம் புரிந்துவிட்டது. 2012-ல் ஊருக்குள் ஆதார் முகாம் நடந்தபோது, சித்தப்பா வெறுங்கையோடு போயிருக்கிறார். “வயசு என்னங்க?” என்று கேட்டதற்கு, “ஒரு 43 இருக்கும்” என்றிருக்கிறார். 2012-ல் 43-ஐக் கழித்தால் 1969. தேதியும் மாதமும் தெரியாவிட்டால் ஜனவரி 1 என்று பதிவாகும். அந்தத் தேதியே கம்பெனி வழியாக பி.எஃப். கணக்கிலும் ஏறிவிட்டது.

உண்மையில் சித்தப்பா பிறந்தது 1967 மே 12. பி.எஃப். பென்ஷன் 58 வயதில் தொடங்குகிறது. அந்தக் கணக்கில் 2025 மே மாதமே அவருக்கு 58 முடிந்துவிட்டது. ஆதார்படி பார்த்தால் 2027 ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். வாயில் வந்த ஒரு வயதால் ஏறக்குறைய 20 மாதப் பென்ஷன் தள்ளிப்போகிறது!

ஆதார் ஏன் போதாது?

“அரசாங்கம் கொடுத்த கார்டுதானே?” என்று சித்தப்பா கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் ஆதார் ‘இவர் இன்னார்’ என்று காட்டும் அட்டை. கைரேகையும் கண்ணும் உங்களுடையதுதான் என்று அது உறுதி சொல்லும். நீங்கள் எந்த நாளில் பிறந்தீர்கள் என்பதற்கு அது பொறுப்பேற்காது. இப்போது வரும் ஆதார் அட்டைகளில், இது பிறந்த தேதிக்கான சான்று அல்ல என்று அச்சிட்டே தருகிறார்கள். பி.எஃப். அமைப்பும் 2024 ஜனவரியில், பிறந்த தேதிக்கு ஏற்கும் ஆவணங்களின் பட்டியலிலிருந்து ஆதாரை நீக்கிவிட்டது.

எந்த ஆவணத்துக்கு எவ்வளவு பலம் என்று அறிய மூன்று கேள்விகள் போதும். இதை எழுதியது யார்? நீங்கள் பிறந்து எத்தனை நாளில் எழுதினார்கள்? எதைப் பார்த்து எழுதினார்கள்?

பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை பிறந்த 21 நாள்களுக்குள் ஆஸ்பத்திரியோ குடும்பமோ தகவல் தர, பதிவாளர் எழுதுவது. பிறந்த சூட்டோடு எழுதியது என்பதால் அதற்குத்தான் முதல் மரியாதை.

அடுத்து பள்ளிப் பதிவு. குழந்தைக்கு ஐந்து வயதாகும்போது எழுதுவது. அந்தக் காலத்தில் தலைக்கு மேல் கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொல்லிவிட்டு, வாத்தியாரே ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். மே, ஜூன் மாதப் பிறந்தநாள்கள் நம் ஊரில் குவிந்து கிடப்பது இதனால்தான். ஆனாலும் அந்தத் தேதி, பென்ஷன், வழக்கு என்று எந்த ஆதாயமும் கண்ணில் படாத வயதில் எழுதப்பட்டது. அதுவே டி.சி.யிலும் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழிலும் ஏறி, வாழ்நாள் முழுக்கக் கூடவே வருகிறது.

பான் கார்டு, வாக்காளர் அட்டை, டிரைவிங் லைசென்ஸ் எல்லாம் வேறொரு ஆவணத்தைப் பார்த்தோ, நாம் சொன்னதைக் கேட்டோ பின்னாளில் எழுதியவை. சில படிவங்களில் ஏற்பார்கள். முதல் இரண்டோடு மோதினால் நிற்காது. ஜாதகம் கதை வேறு. வயதை நிரூபிக்க அது மிகவும் பலவீனமான ஆதாரம் என்று 2005-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

ஒரு வயது, ஒரு வருடப் பணம்

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதைக் காட்டும் வழக்கு ஒன்று உண்டு. 2015-ல் ஹரியானாவில் ஒருவர் சாலை விபத்தில் இறந்துபோனார். குடும்பம் இழப்பீடு கேட்டது. இறந்தவரின் ஒரு வருட வருமானத்தில் குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் தொகையை, அவர் வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவது இழப்பீட்டு முறை. வயது 41 முதல் 45 வரை என்றால் 14-ஆல் பெருக்க வேண்டும். 46 முதல் 50 என்றால் 13.

அவருடைய பள்ளிச் சான்றிதழ்படி 45 வயதுக்குள். ஆதார்படி 45-ஐத் தாண்டிவிட்டார். உயர் நீதிமன்றம் ஆதாரை எடுத்துக்கொண்டு 13-ஆல் பெருக்கியது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. வயதை முடிவுசெய்யப் பள்ளிச் சான்றிதழையே எடுத்துக்கொள்ள வேண்டும், ஆதாரை அல்ல என்று சொல்லி, 14-ஆல் பெருக்கியது. வருடத்துக்கு ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டாலும் அந்த ஓர் எண்ணில் ஒரு லட்ச ரூபாய் வித்தியாசம்!

அந்தத் தீர்ப்பில் நீதிபதிகள் சுட்டிக்காட்டியது, சிறார் நீதிச் சட்டத்தில் வயதைத் தீர்மானிக்கச் சொல்லியிருக்கும் வரிசையை. அங்கே பள்ளி அல்லது தேர்வு வாரியச் சான்றிதழ் முதலில் வருகிறது. அது இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாவிட்டால் மட்டுமே எலும்பு வளர்ச்சியை வைத்து வயதைக் கணிக்கும் மருத்துவப் பரிசோதனை. ஆக, எல்லா இடத்திலும் ஒரே வரிசை என்று நினைத்துவிட வேண்டாம். எந்தப் படிவமோ, அதன் பின்பக்கக் குறிப்பில் உள்ள பட்டியலை முதலில் பாருங்கள்.

எல்லைக்கோடு: 2023 அக்டோபர் 1

இந்தத் தேதியை வீட்டில் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கான சான்று, பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். பள்ளியில் சேர்க்க, டிரைவிங் லைசென்ஸ் எடுக்க, வாக்காளர் பட்டியலில் சேர, திருமணத்தைப் பதிய, அரசு வேலையில் சேர, பாஸ்போர்ட் வாங்க எல்லாவற்றுக்கும் அதுவே. குழந்தைக்குப் பெயர் வைத்ததும் சான்றிதழில் பெயரைச் சேர்த்துவிடுங்கள். முதல் 12 மாதங்களுக்குக் கட்டணமில்லை. பிறப்பையே பதியாமல் ஒரு வருடம் தாண்டிவிட்டால், அதிகாரம் பெற்ற நிர்வாக நடுவரின் உத்தரவு வாங்கித்தான் பதிய முடியும்.

அதற்கு முன் பிறந்தவர்களுக்குச் சலுகை இருக்கிறது. உதாரணமாக பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால், டி.சி. அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பான் கார்டு, அரசு ஊழியரின் பணிப்பதிவேட்டு நகல், டிரைவிங் லைசென்ஸ், வாக்காளர் அட்டை, எல்.ஐ.சி. போன்ற பொதுத்துறை ஆயுள் காப்பீட்டு பாலிசி ஆகியவற்றில் ஒன்றைத் தரலாம்.

பெட்டிக்கு அடியில்...

சித்தப்பாவிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. வீட்டிலேயே பிறந்தவர், யாரும் போய்ப் பதியவில்லை.

“பத்தாவது வரைக்கும் படிச்சீங்கள்ல சித்தப்பா? எஸ்.எஸ்.எல்.சி. புக் எங்கே?”

கொஞ்ச நேரம் மௌனம். “அது... கணக்குல ஃபெயில் அம்மிணி. அத எப்படிக் கொண்டுபோய்க் காட்டறது?”

தோற்றுப்போன வெட்கத்தில் 40 வருடமாகத் தகரப் பெட்டிக்கு அடியில் கிடந்திருக்கிறது அந்தப் புத்தகம். சித்தி எடுத்துப் பிரித்துப் பார்த்தார். பெயர், அப்பா பெயர், 12-5-1967, தலைமையாசிரியர் கையெழுத்து, முத்திரை. அத்தனையும் இருந்தது. பாஸா, ஃபெயிலா என்பது இங்கே யாருக்கும் தேவையில்லை. வாரியம் கொடுத்த மதிப்பெண் பதிவில் பிறந்த தேதி இருக்கிறது, அவ்வளவுதான் கேள்வி.

திருத்தம் செய்வதில் வரிசை முக்கியம். பி.எஃப். கணக்கில் இணையம் வழியாகத் திருத்தும்போது ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அதனால் முதலில் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆதார் சேவை மையத்துக்குப் போய்ப் பிறந்த தேதியை மாற்றினார். ஆதாரில் பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான் மாற்ற முடியும். அதனால் ரசீதில் அச்சான தேதியை அங்கேயே இரண்டு முறை படித்துப் பார்த்த பிறகே வெளியே வந்தார். அதன் பிறகு கம்பெனியும் அவரும் சேர்ந்து தரும் ‘ஜாயின்ட் டிக்ளரேஷன்’ வழியாக பி.எஃப். கணக்கில் திருத்தம் கேட்டார். கம்பெனி ஒப்புதல் தந்து, பி.எஃப். அலுவலகம் ஏற்று, தேதி மாறியது.

எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்காதவர்கள், கடைசியாகப் படித்த பள்ளியில் டி.சி. நகலோ சேர்க்கைப் பதிவேட்டின் நகலோ கேட்கலாம். பள்ளிக்கே போகாதவர்கள், பிறந்த ஊரின் பிறப்புப் பதிவேட்டில் தேடச் சொல்லலாம். எதுவுமே இல்லாவிட்டால் பி.எஃப். அமைப்பு, அரசு சிவில் சர்ஜன் தரும் மருத்துவச் சான்றையும் உறுதிமொழிப் பத்திரத்தையும் சேர்த்து ஏற்கிறது. பரிசோதனையில் வயது இரண்டு வருடம் முன்பின்னாக வரலாம் என்பதால் அதைக் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறப்புச் சான்றிதழும் பள்ளித் தேதியும் மோதினால்?

பிள்ளை இன்னும் பள்ளியில் படிக்கிறதா? பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பும் முன்பே பிறப்புச் சான்றிதழைக் காட்டிப் பள்ளிப் பதிவேட்டைச் சரிசெய்துவிடுங்கள். சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு அது நீண்ட அலைச்சல்.

அரசு வேலையில் இருப்பவர்கள், பணியில் சேர்ந்த ஐந்து வருடங்களுக்குள் கேட்க வேண்டும். ஓய்வு நெருங்கும்போது கேட்டால் கிடைக்காது. தனியார் வேலையில் இருப்பவர்கள் ஆதார், பான், பி.எஃப்., வங்கி, இன்ஷூரன்ஸ் எல்லாவற்றிலும் ஒரே தேதி இருக்கிறதா என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எங்கேயாவது 01-01 என்று இருந்தால், அது யாரோ கணக்குப் போட்டு எழுதிய தேதியா என்று கேட்டுப் பாருங்கள்.

இந்த வருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, சித்தப்பாவுக்கு முதல் மாதப் பென்ஷன் வந்திருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்கு பிளாஸ்டிக் உறை போட்டு, சாமி அலமாரியில் வைத்திருக்கிறார்.

“கணக்குல ஃபெயிலானாலும், கணக்கைத் தீர்த்துக் குடுத்துருச்சு அம்மிணி!” என்றார்.