‘பர்ச்சேஸுக்கு அனுப்பிடுங்க’ என்றால் என்ன பதில் எழுதுவது?

விற்பனைக்காக எழுதும் மெயிலுக்குத் தொழிற்சாலைகளிலிருந்து அடிக்கடி வரும் பதில், “இதை பர்ச்சேஸுக்கு அனுப்பிடுங்க” என்பது. சில வேளைகளில் பர்ச்சேஸுக்குப் பதிலாக வேறொரு இன்ஜினியரின் பெயர் இருக்கும். பெரும்பாலான விற்பனையாளர்கள் “நன்றி சார்” என்று எழுதிவிட்டு, அதே மெயிலை அந்த முகவரிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். பதில் வராது. பர்ச்சேஸ் ஆட்கள் மெத்தனமாக இருப்பதுதான் காரணம் என்று நினைப்பது தவறு. அந்தத் துறை வேலை செய்யும் முறையே அப்படி.

பர்ச்சேஸ் துறை தானாக எதையும் வாங்குவதில்லை. பொருளோ சேவையோ தேவைப்படும் பிரிவு முதலில் ‘இண்டென்ட்’ போட வேண்டும். என்ன தேவை, எவ்வளவு, எதற்காக, எந்த பட்ஜெட்டில் என்று எழுதி, பிரிவின் தலைவர் ஒப்புதல் தந்த கோரிக்கை அது. சில நிறுவனங்களில் இதை ‘பி.ஆர்.’ என்பார்கள். அந்த எண் வந்த பிறகுதான் பர்ச்சேஸில் கோப்பு திறக்கும். பிறகு இரண்டு மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, விலை பேசி, பர்ச்சேஸ் ஆர்டர் தருவார்கள். இண்டென்ட் இல்லாமல் வரும் கொட்டேஷனை என்ன செய்வதென்று அங்கே யாருக்கும் தெரியாது. அது மெயில் பெட்டியிலேயே கிடக்கும்.

ஆகவே ‘பர்ச்சேஸுக்கு அனுப்புங்க’ என்ற பதிலுக்கான மறுமொழி முதலில் போக வேண்டியது பர்ச்சேஸுக்கு அல்ல, அதைச் சொன்னவருக்கே. அவரிடமிருந்து தெரிய வேண்டியவை இரண்டு: அங்கே யார் பெயருக்கு அனுப்ப வேண்டும், இண்டென்ட் போட்டாயிற்றா.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. கோயம்புத்தூரில் ஒரு சிறு நிறுவனம், ஆலைகளின் கம்பிரசர் குழாய்களில் காற்றுக் கசிவைக் கண்டுபிடித்துத் தரும் வேலையைச் செய்கிறது. ஒரு நூற்பாலையின் மெயின்டனன்ஸ் மேனேஜருக்கு எழுதுகிறது. 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்றின் வழியே வீணாகும் காற்றை உண்டாக்க, கிட்டத்தட்ட 3.5 கிலோவாட் மின்சாரம் செலவாகிறது. ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடும் ஆலையில் அது 28,000 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால், ஒரே துளையில் 2,24,000 ரூபாய். இந்தக் கணக்கைப் பார்த்த மேனேஜர், “நல்லா இருக்கு, பர்ச்சேஸுக்கு அனுப்பிடுங்க” என்று எழுதுகிறார். அதற்கு அன்றைக்கே, அதே மெயில் தொடரில், இப்படிப் பதில் போகலாம்:

“வணக்கம் சார். அனுப்பிவிடுகிறேன். பர்ச்சேஸில் யார் பெயருக்கு அனுப்ப வேண்டும்? அவரையும் இந்த மெயிலில் சேர்த்து, ‘நம்ம பிளான்ட்டுக்கு வேண்டியது’ என்று ஒரு வரி எழுதினால் அவர்களுக்கு விஷயம் புரிந்துவிடும். இண்டென்ட் இன்னும் போடவில்லை என்றால், அதில் எழுத வேண்டிய வேலை விவரத்தை அரைப் பக்கத்தில் தயார் செய்து தருகிறேன். நீங்கள் திருத்திக்கொள்ளலாம்.”

இதில் பிடிவாதமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. மேனேஜர் சொன்னதை மறுக்காமல், அவர் கையில் ஒரு சிறு வேலையை மட்டும் வைக்கிறது. அந்த வேலையை அவர் செய்கிறாரா என்பதிலிருந்தே அவர் மனம் தெரிந்துவிடும். பெயரைச் சொல்லி, ஒரு வரியும் எழுதினால் தேவை உண்மையானது. பெயர் இல்லாமல் பொது முகவரி ஒன்றை மட்டும் தந்து, இண்டென்ட் கேள்வியைத் தொடாமல் விட்டால், பெரும்பாலும் அது நாசூக்கான ‘வேண்டாம்’. அப்போது சுற்றி வளைப்பதைவிட, “இந்த நிதியாண்டில் வாய்ப்பில்லை என்றால் சொல்லிவிடுங்கள் சார், ஏப்ரலுக்குப் பிறகு பேசுகிறேன்” என்று எழுதிவிடுவது நல்லது. மறுக்க வழி விட்டால்தான் பலர் உண்மையைச் சொல்வார்கள்.

இண்டென்டில் எழுதப்படும் வேலை விவரத்தில்தான் ஆர்டரின் தலையெழுத்து இருக்கிறது. ‘காற்றுக் கசிவு ஆய்வு’ என்று மட்டும் இருந்தால், காதால் கேட்டுச் சுற்றிவிட்டு வருபவரும் அதே பட்டியலில் நிற்பார், குறைந்த விலை அவருடையதாக இருக்கும். அல்ட்ராசோனிக் கருவியால் சோதிப்பது, ஒவ்வொரு கசிவிலும் எண் அட்டை கட்டுவது, ஒவ்வொன்றின் அளவையும் அறிக்கையில் தருவது, பழுது பார்த்த பின் மறுபடி அளப்பது என்று எழுதியிருந்தால், எல்லோரும் ஒரே வேலைக்கு விலை சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் ஒரே ஒரு நிறுவனத்துக்கு மட்டும் பொருந்தும்படி விவரத்தை எழுதித் தரக் கூடாது. பர்ச்சேஸ் அதைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடும், மேனேஜருக்கும் கெட்ட பெயர்.

பர்ச்சேஸுக்குப் போகும் மெயில் தனியாக எழுதப்பட வேண்டும். மேனேஜரை மயக்கிய மின்சாரக் கணக்கு அங்கே யாருக்கும் தேவையில்லை. யார் கேட்டார், இண்டென்ட் எண் என்ன, வேலை என்ன, விலை, ஜி.எஸ்.டி., பணம் தர வேண்டிய கெடு, விலை எந்தத் தேதி வரை செல்லும் ஆகியவை ஒரே பக்கத்தில் இருந்தால் போதும். புதிய சப்ளையர் என்றால் வெண்டர் கோடு உருவாக்க வேண்டும். அதற்கு ஜி.எஸ்.டி. சான்று, பான், ரத்து செய்த காசோலை ஆகியவற்றைக் கேட்பார்கள் என்பதால் முதல் மெயிலிலேயே இணைத்துவிடலாம். குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால் உத்யம் சான்றையும் சேர்க்க வேண்டும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, அத்தகைய சப்ளையருக்கு எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்க முடியாது. 90 நாள் கெடு என்று அச்சிட்ட படிவம் வரும்போது இந்தச் சான்று பேசும்.

விலையைக் கேட்காமலே குறைத்து அனுப்புவது வீண். பர்ச்சேஸில் எப்படியும் குறைக்கச் சொல்வார்கள், அது அவர்கள் வேலை. முதலிலேயே இறங்கியவருக்குப் பிறகு இறங்க இடமிருக்காது.

குழுவில் வேறொருவரைக் காட்டிவிட்டால் முறை சற்று மாறும். “யூட்டிலிட்டி இன்ஜினியரிடம் பேசுங்க” என்று மேனேஜர் சொன்னால், அவர் வாயால் அறிமுகம் கேட்பதே சிறந்தது. அது கிடைக்காவிட்டால், புதியவருக்கு எழுதும் முதல் வரியில் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும்: “மேனேஜர் சார் உங்களிடம் பேசச் சொன்னார்.” “மேனேஜர் சரி சொல்லிவிட்டார்” என்று கொஞ்சம் ஊதினாலும், இருவரும் கேன்டீனில் சந்திக்கும்போது பொய் வெளியாகிவிடும். மேனேஜருக்கு அனுப்பிய நீண்ட மெயிலை அப்படியே தள்ளிவிடாமல், இன்ஜினியருக்குப் பயன்படும் பகுதியை மட்டும் எடுத்து எழுதுவது நலம். அவருக்குச் சேமிப்புத் தொகையைவிட, ஆய்வு நடக்கும்போது மெஷினை நிறுத்த வேண்டுமா என்பதே முதல் கேள்வி. வேண்டியதில்லை, சொல்லப்போனால் கம்பிரசர் ஓடும்போதுதான் கசிவைக் கேட்க முடியும்.

அனுப்பிய பிறகு ஒரு வாரம் சத்தமில்லை என்றால், பர்ச்சேஸைத் துரத்துவதில் பயனில்லை. இண்டென்ட் எண் வந்ததா என்று மேனேஜரிடம் ஒரே வரியில் கேட்கலாம். எண் இருந்தால், அதைக் குறிப்பிட்டு பர்ச்சேஸுக்கு எழுதும்போது பதில் வர வாய்ப்பு அதிகம். எண் இல்லையென்றால் தடை எங்கே என்று தெரிந்துவிட்டது.

அரசு அலுவலகங்களுக்கும் பொதுத்துறை ஆலைகளுக்கும் இவற்றில் பாதி பொருந்தாது. அங்கே ஜெம் தளமோ டெண்டரோதான் வழி. டெண்டர் அறிவித்த பிறகு பயன்படுத்தும் பிரிவோடு தனியாகப் பேசுவது விதிமீறலாகப் பார்க்கப்படும். கேள்விகளை டெண்டரில் சொன்ன முகவரிக்கு எழுத்தில்தான் கேட்க வேண்டும்.