தூசி எங்கே போகிறது?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் குடியிருப்பவர்களுக்குத் தூசியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மொத்த விற்பனை மண்டிகளும், சுமை இறக்கும் லாரிகளும், வெள்ளிப் பட்டறைகளும் நெருங்கிக் கிடக்கும் பகுதி இது. காலையில் துடைத்த மேசையில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். இரண்டு அறைகள் கொண்ட எங்கள் அடுக்குமாடி வீட்டில் ஒரு கம்பளமும் இரண்டு ஜமக்காளங்களும் உண்டு. என் மனைவிக்கு ஆஸ்துமாவும் உண்டு.

சென்ற ஆண்டு மகள் ஒரு ரோபோ தூசி உறிஞ்சியை வாங்கி அனுப்பினாள். 'இனிமேல் யாரும் பெருக்க வேண்டாம்' என்றாள். வட்டத் தட்டுப் போன்ற அந்தக் கருவி நாள்தோறும் வீட்டைச் சுற்றி வந்தது; தரை பளிச்சென்று இருந்தது. ஆனால், மனைவியின் இரவு நேர இளைப்பு குறையவில்லை. இரண்டு மாதங்கள் கழித்து, கம்பளத்தை மொட்டை மாடிக்கு எடுத்துச் சென்று, வெள்ளை வேட்டியின் மீது கவிழ்த்துப் போட்டு, முதுகுப்புறத்தைக் கைப்பிடிக் கழியால் தட்டினேன். வேட்டியில் ஒரு கைப்பிடிக்கும் அதிகமாக மணலும் சாம்பல் நிறத் தூளும் கொட்டின. நாள்தோறும் சுத்தம் செய்யப்பட்ட கம்பளம் அது.

அன்றுதான் ஒரு கேள்வி எழுந்தது. துடைப்பம், தூசி உறிஞ்சி, ரோபோ ஆகிய மூன்றில் எது சிறந்தது என்று கேட்கிறோம். உண்மையில் கேட்க வேண்டியது, ஒவ்வொன்றும் தூசியை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதைத்தான்.

முதலில் துடைப்பம். மணல், முடி, உணவுத் துணுக்கு போன்ற கனமானவற்றை அது நன்றாகவே ஒதுக்கும். நுண்ணிய தூசியை அது ஒதுக்குவதில்லை; காற்றில் எழுப்பிவிடுகிறது. பத்து மைக்ரான் அளவுள்ள ஒரு துகள், அசைவற்ற காற்றில் மூக்கின் உயரத்திலிருந்து தரைக்கு வர ஏறத்தாழ எட்டு நிமிடங்கள் ஆகும். இரண்டரை மைக்ரான் துகளுக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். மின்விசிறி சுழன்றால் இன்னும் நீளும். பெருக்கி முடித்தவுடன் ஈரத்துணியால் துடைத்துவிட்டு 'சுத்தம்' என்கிறோம். நுண்தூசியோ அதற்குப் பிறகுதான் மெல்லக் கீழே இறங்குகிறது.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். மண் வாசலைக் கூட்டுவதற்கு முன் நீர் தெளிக்கும் வழக்கம் தூசியை அடக்கத்தான். சிமெண்ட் தரைக்கும் ஓடு பதித்த தரைக்கும் மாறியபோது, தெளிப்பதை விட்டுவிட்டுக் கூட்டுவதை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டோம். அதன் விலையை முதலில் கொடுப்பவர், குனிந்து பெருக்குபவர். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மையார் ஒருநாள், 'கம்பளத்தக் கூட்டறப்பதான் சார், தொண்டையே அடைச்சுப் போகுதுங்க' என்றார். எத்தனையோ ஆண்டுகளாகக் கூட்டுகிறார். நாங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

கம்பளத்தில் துடைப்பத்தின் குறை இன்னும் பெரிது. நிமிர்ந்து நிற்கும் நூலிழைகளின் நுனியில் இருப்பதைத்தான் அது தள்ளும். கனமான மணல் இழைகளின் அடிக்குப் போய்விடும். அதன் மீது நாம் நடக்கும்போதெல்லாம் அந்த மணல் இழையின் வேரை அறுக்கும். கம்பளம் நடைபாதையில் மட்டும் வழுக்கையாவதற்குக் காரணம் இதுதான்.

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தி பொருத்தமானது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கேண்டன் நகரின் ஒரு பல்பொருள் அங்காடியில் துப்புரவுப் பணி செய்தவர் ஜேம்ஸ் முர்ரே ஸ்பேங்ளர். அவருக்கு ஆஸ்துமா. கம்பளங்களைக் கூட்டும்போது எழும் தூசியால் அவதிப்பட்ட அவர், மின்விசிறி மோட்டார், துடைப்பக் கழி, தலையணை உறை ஆகியவற்றைக் கொண்டு ஒரு கருவியைச் செய்தார். 1908-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் ஹூவர் என்ற பெயரில் உலகம் அறிந்தது அந்தக் கருவியைத்தான். அதற்கு முன்பே, 1901-இல், லண்டனில் ஹூபர்ட் சிசில் பூத் உறிஞ்சும் இயந்திரத்தைச் செய்திருந்தார். ஸ்பேங்ளரின் கருவியில் உறிஞ்சும் காற்றோடு சுழலும் தூரிகையும் இருந்தது. தூரிகை இழைகளைத் தட்டி மணலைக் கிளப்ப வேண்டும். அது எழுந்த கணத்தில் காற்று அதைப் பைக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். கம்பளத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரங்கள் இன்றும் இதே அடிப்படையில்தான் இயங்குகின்றன.

ரோபோவிலும் தூரிகை உண்டே, பிறகு ஏன் முடியவில்லை? ஒரு சிறு கணக்கு போதும். இவ்வகைக் கருவிகளில் பரவலாகக் காணப்படும் மின்கலம் 14.4 வோல்ட், 5,200 மில்லி ஆம்பியர்-மணி. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 75 வாட்-மணி. அதை வைத்து இரண்டு மணி நேரம் ஓடினால், சராசரியாக 37 வாட்தான் கிடைக்கிறது. சக்கரம், தூரிகை, உணரி, உறிஞ்சும் விசிறி அனைத்தும் அதற்குள் இயங்க வேண்டும். பழைய கூரை மின்விசிறி எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தில் இது பாதி. சுவர் மின்சாரத்தில் இயங்கும் சாதாரணத் தூசி உறிஞ்சியோ ஆயிரம் வாட்டுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அந்த வாட் அளவு முழுவதும் உறிஞ்சும் திறன் ஆகிவிடாது என்பது உண்மை. ஆனாலும் இடைவெளி மிகப் பெரிது. ரோபோவின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் 'பாஸ்கல்' எண்ணைக் கண்டு மயங்கவும் வேண்டாம். அது காற்றழுத்த வேறுபாட்டின் அளவு. தூசியைச் சுமந்து செல்வது காற்றின் ஓட்டம்.

சிறு வீட்டில் ரோபோவுக்கு வேறு தடைகளும் உண்டு. எங்கள் ஜமக்காளம் எடை குறைந்தது. ரோபோ ஏறும்போது அது சுருண்டுகொள்ளும். ஓரக் குஞ்சத்தைத் தூரிகை விழுங்கிக்கொண்டு நின்றுவிடும். படிக்கட்டில் விழாமலிருக்க, அடியில் அகச்சிவப்பு ஒளியை அனுப்பித் திரும்பி வருகிறதா என்று பார்க்கும் உணரிகள் அதில் உள்ளன. கறுப்புப் பட்டை அந்த ஒளியை விழுங்கிவிடுவதால், அதைப் பள்ளம் என்று எண்ணிப் பின்வாங்கும் கருவிகளும் உண்டு. நாற்காலியை நகர்த்தி, ஒயரைச் சுருட்டி, விரிப்பை எடுத்து வைத்த பிறகுதான் ரோபோ பெருக்கும் என்றால், பாதி வேலையை நாமே செய்துவிடுகிறோம். கட்டிலுக்கு அடியில் நாள்தோறும் சேரும் முடியையும் பஞ்சையும் எடுப்பதில் அது கெட்டிக்காரன். அந்தப் பெருமையை மறுக்க வேண்டாம்; அதற்கு மேல் எதிர்பார்க்கவும் வேண்டாம்.

எனவே, சாதாரணத் தூசி உறிஞ்சி ஒன்றை வாங்கினோம். வாங்கும்போது இரண்டைப் பார்த்தோம். ஒன்று, கம்பளத்துக்கான சுழல் தூரிகை உடன் வருகிறதா என்பது. அது இல்லாத வெறும் குழாய் கம்பளத்தில் அரை வேலைதான் செய்யும். மற்றொன்று, வெளியேறும் காற்று 'ஹெப்பா' வடிகட்டி வழியாகச் செல்கிறதா என்பது. வடிகட்டி தரமாக இருந்தும் மூடியின் இணைப்பில் கசிவு இருந்தால் பயனில்லை. உறிஞ்சிய நுண்தூசியை அது அறைக்கே திருப்பித் தரும். இதைச் சோதிக்க, காற்று வெளியேறும் இடத்திலும் மூடியின் விளிம்பிலும் ஈரமான வெள்ளைத் துணியை ஐந்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். துணி சாம்பல் நிறமானால் கசிவு இருக்கிறது.

பயன்படுத்தும் முறையிலும் பாடம் கற்றோம். கருவியை வேகமாக முன்னும் பின்னும் தள்ளுவது வீண். ஒரு மீட்டர் நீளத்தைக் கடக்க நான்கைந்து நொடிகளாவது தர வேண்டும். முதலில் நீளவாக்கிலும் பிறகு குறுக்காகவும் இழுக்க வேண்டும். தூசிப் பெட்டியைக் காலி செய்வதுதான் ஆபத்தான கட்டம். ஆஸ்துமா உள்ளவர் அதைச் செய்யக் கூடாது. வேறொருவர் முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே, பெட்டியை ஒரு பையினுள் நுழைத்துக் கவிழ்க்க வேண்டும். கழுவத்தக்க வடிகட்டியைக் கழுவினால், ஒரு நாள் முழுவதும் உலர்ந்த பிறகே பொருத்த வேண்டும். ஈரத்தோடு பொருத்தினால் பூஞ்சை பிடிக்கும். சிந்திய கோலமாவையும் விபூதியையும் இதனால் உறிஞ்சக் கூடாது. அவை வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும்.

ஆறு வாரங்கள் கழித்து அதே கம்பளத்தை அதே வேட்டியின் மீது கவிழ்த்துத் தட்டினேன். விழுந்தது ஒரு தேக்கரண்டிகூட இருக்காது. மனைவியின் இளைப்பு மறைந்துவிட்டது என்று சொல்லமாட்டேன், மருந்து தொடர்கிறது. தூசி உறிஞ்சிக்கும் எல்லை உண்டு. கம்பளத்தில் வாழும் தூசிப்பூச்சிகள் இழைகளைப் பற்றிக்கொள்வதால் உயிரோடு இருப்பவற்றில் பெரும்பகுதி உறிஞ்சலில் வருவதில்லை. காற்றில் ஈரப்பதம் ஐம்பது விழுக்காட்டுக்குக் கீழே நீடித்தால் அவை தழைக்க முடியாது. எனவே, சேலத்தின் கோடை நமக்குத் துணை. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் அவற்றுக்குத் துணை.

இந்த இடத்தில்தான் ஜமக்காளத்தின் அருமை புரிந்தது. பக்கத்து மாவட்டத்துப் பவானியில் நெய்யப்படும் ஜமக்காளத்தில் நிமிர்ந்து நிற்கும் இழைகளே இல்லை. மணல் ஒளிந்துகொள்ள இடமில்லை. மடித்து மாடிக்கு எடுத்துச் செல்லலாம், காற்று வீசும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று உதறலாம், வெயிலில் காயவிடலாம், துவைக்கலாம். எந்த இயந்திரமும் தேவையில்லாத விரிப்பு அது.

இப்போது எங்கள் வீட்டில் நடைமுறை இதுதான்: தரைக்கு நாள்தோறும் உலர்ந்த துடைப்பம் இல்லை, பிழிந்த ஈரத்துணி மாப் மட்டும். கம்பளத்துக்கு வாரம் இருமுறை தூசி உறிஞ்சி. அந்த நேரத்தில் மின்விசிறி ஓடாது, மனைவி அடுத்த அறையில் இருப்பார். கம்பளம் முடிந்த பிறகே தரை துடைப்பு. ஜமக்காளத்துக்கு வாரம் ஒருமுறை மொட்டை மாடி. ரோபோ கட்டிலுக்கு அடியில் மட்டும் உலவுகிறது.

ஒன்றே ஒன்றைத்தான் வாங்க முடியும் என்பவர், கம்பளம் இருந்தால் சுழல் தூரிகையுள்ள சாதாரணத் தூசி உறிஞ்சியை வாங்கட்டும். எதையும் வாங்க இயலாதவர், கம்பளத்தை எடுத்துவிட்டு ஜமக்காளத்தை விரிக்கட்டும். எங்கள் கம்பளத்தையும் அடுத்த மழைக்காலத்துக்கு முன் எடுத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். வேலைக்கு வரும் அம்மையாரிடம் அதைச் சொன்னபோது, 'இத முன்னாடியே செஞ்சிருக்கலாமுங்களே' என்றார். பதில் சொல்ல என்னால் இயலவில்லை.