ஒரே செட்டிங், மூன்று சந்தைகள்

கேள்வி: பங்குச் சந்தையில் ஒரு மணி நேர சார்ட்டில் ஆர்எஸ்ஐ 14 வைத்துப் பார்க்கிறேன், ஓரளவு சரியாக வருகிறது. அதே 14, அதே 70, 30 அளவுகளை பிட்காயினுக்கும் யூரோ-டாலருக்கும் வைத்தால் சொதப்புகிறது. கணக்கு ஒன்றுதானே, விடை ஏன் மாறுகிறது?

கணக்கு ஒன்றுதான். ஆனால் அந்த 14 என்பது நேரம் அல்ல, கேண்டில்களின் எண்ணிக்கை. ஆர்எஸ்ஐ-யை உருவாக்கிய வெல்லஸ் வைல்டர் 1978-ல் வெளியிட்ட புத்தகத்தில் 14-ஐயும் 70, 30 என்ற எல்லைகளையும் தந்தார். அப்போது அவர் மனதில் இருந்தது கமாடிட்டி சந்தையின் தினசரி விலை. நாம் அதே எண்ணை எந்தச் சார்ட்டில் போட்டாலும் மென்பொருள் மறுபேச்சில்லாமல் 14 கேண்டில்களை எண்ணிக் கொடுத்துவிடும்.

என்எஸ்இ காலை 9.15-க்குத் தொடங்கி மாலை 3.30-க்கு முடிகிறது. ஒரு மணி நேர சார்ட்டில் ஒரு நாளைக்கு ஆறு முழு கேண்டில்களும் கடைசியில் கால் மணி நேரத் துண்டு ஒன்றும் வரும், ஆக ஏழு. 14 கேண்டில் என்றால் இரண்டு வர்த்தக நாட்கள், நடுவில் ஓர் இரவு. பிட்காயினுக்கு அதே 14 கேண்டில் வெறும் 14 மணி நேரம்; ஒரு நாள்கூட ஆகாது. அங்கே இரண்டு நாளைப் பார்க்க 48 கேண்டில்கள் வேண்டும். இரண்டு சார்ட்டிலும் ஒரே செட்டிங் போட்டிருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் ஒன்றில் இரண்டு நாள் நிலவரத்தையும் மற்றதில் அரை நாள் சலசலப்பையும் அளக்கிறோம்.

கேள்வி: அப்படியானால் நேரத்தைச் சமன்செய்து, பிட்காயினுக்கு 48 என்று போட்டால் போதுமா?

போதாது. அந்த நடு இரவில்தான் விஷயமே இருக்கிறது.

ஆர்எஸ்ஐ ஏற்றங்களின் சராசரியையும் இறக்கங்களின் சராசரியையும் எடுத்து, மொத்த அசைவில் ஏற்றத்தின் பங்கு நூற்றுக்கு எவ்வளவு என்று சொல்கிறது. ஆயிரம் ரூபாய்ப் பங்கு ஒன்று அமைதியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி ஏற்றம் 1 ரூபாய், சராசரி இறக்கம் 1 ரூபாய், ஆர்எஸ்ஐ 50. மாலையில் நல்ல செய்தி வருகிறது. மறுநாள் முதல் கேண்டில் முடியும்போது விலை 30 ரூபாய் கூடியிருக்கிறது. வைல்டர் முறைப்படி பழைய சராசரியை 13-ஆல் பெருக்கி, புதிய அசைவைக் கூட்டி, 14-ஆல் வகுக்க வேண்டும். ஏற்றத்தின் பக்கம் 13-உடன் 30 சேர்ந்து 43. இறக்கத்தின் பக்கம் வெறும் 13. மொத்தம் 56-ல் 43, அதாவது ஆர்எஸ்ஐ ஏறக்குறைய 77. ஒரே கேண்டிலில் 'ஓவர்பாட்' ஆகிவிட்டது.

இதே 30 ரூபாய் ஏற்றம் உறங்காத சந்தையில் நடந்தால்? மாலை 3.30-லிருந்து மறுநாள் காலை வரை கிட்டத்தட்ட 18 கேண்டில்கள். இரண்டு கேண்டில் ஐந்தைந்து ரூபாய் ஏறி, ஒன்று ஐந்து ரூபாய் இறங்கி, இப்படியே ஆறு முறை நடந்தால் நிகர ஏற்றம் அதே 30. அதே 50-லிருந்து தொடங்கிக் கணக்குப் போட்டால் ஆர்எஸ்ஐ சுமார் 62-ல் நிற்கும். விலை போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான். பங்கில் இரவு நேரத் தயக்கங்கள் எல்லாம் கதவுக்கு வெளியே நின்றுவிட்டன. கிரிப்டோவில் ஒவ்வொன்றும் பதிவாகிவிட்டது.

அந்த 30 ரூபாய்த் தாவல் சீக்கிரம் மறைவதும் இல்லை. 14 கேண்டில்கள் கழித்தும் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக மிச்சம் இருக்கும். பங்கின் மணி சார்ட்டில் ஆர்எஸ்ஐ இரண்டு நாளாக உயரத்தில் தொங்கினால், முதலில் திங்கள் காலையோ ரிசல்ட் மறுநாளோ ஒரு தாவல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பல நேரம் அந்த ஒரே கேண்டில்தான் காரணம்.

கேள்வி: யூரோ-டாலரும் இரவு பகலாக ஓடுகிறதே. அது கிரிப்டோ மாதிரிதானே நடக்க வேண்டும்?

திங்கள் முதல் வெள்ளி வரை ஓடுகிறது, ஆனால் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. நம் நேரப்படி விடியற்காலையில் நியூயார்க் மூடியபின் யூரோ-டாலர் ஊர்ந்துகொண்டிருக்கும். பிற்பகலில் லண்டன் திறந்ததும் கேண்டில்கள் திடீரென்று நீளும். மதியம் இரண்டு மணிக்குப் பார்க்கும் ஆர்எஸ்ஐ 14-ல் பெரும்பாலானவை தூங்கிய மணிகள். விழித்த ஒன்றிரண்டு கேண்டில்கள் மொத்த எண்ணையும் இழுத்துக்கொண்டு போகும். சார்ட்டில் இடைவெளி தெரியாது. விளைவு மட்டும் பங்கின் காலைத் தாவலைப் போலவே இருக்கும். லண்டன் திறந்த முதல் மணியில் வரும் 'ஓவர்பாட்' சிக்னலை நான் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

தினசரி சார்ட்டில் வேறொரு தொல்லை. அந்நியச் செலாவணியில் நாள் என்பது வழக்கமாக நியூயார்க் மாலை ஐந்து மணிக்கு முடிகிறது. சில தளங்கள் வேறு நேரத்தில் நாளை வெட்டுவதால் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒரு குட்டிக் கேண்டில் முளைக்கும். வாரத்துக்கு ஐந்துக்குப் பதில் ஆறு கேண்டில் தெரிந்தால், உங்கள் சராசரிகள் எல்லாமே கொஞ்சம் கோணலாக இருக்கின்றன என்று அர்த்தம்.

கேள்வி: கிரிப்டோ அதிகம் ஆடும், அதனால்தான் ஆர்எஸ்ஐ 70-க்கு மேலேயே நிற்கிறது என்கிறார்களே?

இது பரவலான தவறு. எல்லா அசைவுகளையும் பத்து மடங்காக்கினாலும் ஆர்எஸ்ஐ இம்மியும் மாறாது. ஏற்றம், இறக்கம் இரண்டும் சேர்ந்தே பெருகும். 70-க்கு மேல் நிற்க வைப்பது ஆட்டத்தின் அளவு அல்ல, ஒரே திசையில் தொடர்ந்து போகும் பிடிவாதம்.

2020 நவம்பர் தொடக்கத்தில் பிட்காயின் 15,000 டாலரை ஒட்டி இருந்தபோதே தினசரி ஆர்எஸ்ஐ 70-ஐத் தாண்டியிருந்தது. அதைப் பார்த்து விற்றவர், 2021 ஜனவரி முதல் வாரங்களில் விலை 40,000-ஐத் தாண்டியதை வெளியே நின்று பார்த்திருப்பார். யூரோ-டாலரோ 2019 முழுவதும் சுமார் 1.09-க்கும் 1.16-க்கும் இடையிலேயே கிடந்தது. அப்படி அலைபாயும் சந்தையில் 'ஏறினால் இறங்கும்' என்ற வாசிப்புக்கு ஏதோ பொருள் உண்டு. ஓடும் சந்தையில் அதே 70 வலிமையின் அடையாளம்.

ஆட்டத்தின் அளவால் உண்மையிலேயே கெடுவது வேறு. எம்ஏசிடி விலையின் அலகிலேயே பேசுகிறது. பிட்காயினில் நூற்றுக்கணக்கில் வரும். யூரோ-டாலரில் தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஒன்றில் பார்த்த எண்ணை இன்னொன்றில் எல்லையாக வைக்க முடியாது. இரண்டு சதவீத ஸ்டாப்லாஸும் அப்படித்தான்: பிட்காயினில் ஒரு சாதாரண நாளே அதை உரசிவிடும், யூரோ-டாலரில் ஒரே நாளில் அவ்வளவு நகர்வது அபூர்வம்.

கேள்வி: சரி, நான் என்ன செய்ய வேண்டும்?

முதலில் எவ்வளவு காலத்தைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்று முடிவு செய்து, அதை அந்தச் சந்தையின் கேண்டில்களாக மாற்றுங்கள். பிறகு 70, 30-ஐ மறந்துவிட்டு, அந்தக் குறிப்பிட்ட சார்ட்டின் ஓராண்டு ஆர்எஸ்ஐ மதிப்புகளை வரிசைப்படுத்தி, மேல் பத்து சதவீதமும் கீழ் பத்து சதவீதமும் எங்கே தொடங்குகின்றன என்று பாருங்கள். அவையே உங்கள் எல்லைகள். ஓராண்டு முழுக்க ஏறிய சந்தை என்றால் இரண்டு எல்லைகளும் மேலே தள்ளியே இருக்கும். போக்கு மாறினால் மறுபடி எடுக்க வேண்டும்.

200 நாள் சராசரியை மட்டும் நான் தொடமாட்டேன். பங்கில் அது சுமார் பத்து மாதம். வார விடுமுறை இல்லாத கிரிப்டோவில் ஆறரை மாதம். காலத்தைச் சமன்செய்ய 290-க்கு மேல் போட வேண்டியிருக்கும். ஆனால் பிட்காயின்காரர்களும் 200-ஐத்தான் பார்க்கிறார்கள். பலர் பார்ப்பதாலேயே அந்தக் கோட்டுக்கு ஒரு மதிப்பு என்றால், 290-ல் போடும் கோட்டை நீங்கள் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு சந்தைக்கென்று எண்ணைத் தேடும்போது, பழைய விலைகளில் அதிக லாபம் காட்டிய எண்ணைப் பிடித்துக்கொள்ளும் ஆசை வரும். 14 நன்றாக வந்தால் 12-ஐயும் 16-ஐயும் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஏறத்தாழ அதே விடை வந்தால் மேலே யோசிக்கலாம். 14-ல் லாபம், பக்கத்து எண்களில் நஷ்டம் என்றால், அங்கே சந்தையின் குணம் எதுவும் இல்லை. உங்கள் எண் பழைய விலைகளோடு தற்செயலாகப் பொருந்திப் போயிருக்கிறது.