சென்னையில் கையில் ஒரே ஒரு நாள்

முன்னேற்பாடு எதுவும் இல்லாமல் சென்னையில் ஒரு பகல் முழுக்கக் கையில் இருக்கும்போது, எங்கே போகலாம் என்று யோசிப்பதற்கு முன் எது எப்போது மூடும் என்று பார்ப்பது நல்லது. கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலை 4 மணியளவில் திறக்கும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. நண்பகலில் மெரினா மணலில் கால் வைக்க முடியாது. கோயில் காலையில், கூரையுள்ள இடம் நண்பகலில், கடற்கரை மாலையில் என்று வரிசை தானாகவே அமைந்துவிடுகிறது.

அடுத்தது திசை. மாமல்லபுரம், வண்டலூர், தியாகராய நகர் மூன்றையும் ஒரே நாளில் முடிக்க நினைப்பவரின் பொழுதில் பாதி சாலையிலேயே கரைந்துவிடும். மாமல்லபுரம் மட்டுமே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். மெட்ரோ வேலைகளால் பல சாலைகள் திருப்பிவிடப்பட்டிருப்பதால், ஆட்டோக்காரர் சொல்லும் பத்து நிமிடம் அரைமணி ஆவதும் உண்டு. கடற்கரையை ஒட்டிச் செல்லும் பறக்கும் ரயில் பாதையைப் பிடித்துக்கொள்வதே சிறந்த வழி. அதற்கு நெரிசல் தெரியாது, கட்டணமும் மிகக் குறைவு.

தென்மாவட்ட ரயிலில் வந்து காலை 6 மணிக்கு எழும்பூரில் இறங்கியவருக்கு இரவு ஒன்பதரைக்குத் திரும்பும் வண்டி என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை, பையைப் பொருள் காப்பறையில் வைப்பது. பூட்டில்லாத பையை அங்கே வாங்கமாட்டார்கள், பயணச்சீட்டையும் கேட்பார்கள். எனவே ஒரு சின்னப் பூட்டு கையில் இருக்க வேண்டும். அவர்கள் தரும் ரசீதைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம்.

எழும்பூரிலிருந்து புறநகர் ரயிலில் ஒரு நிறுத்தம் போனால் பூங்கா நிலையம். அங்கிருந்து நடந்து பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறினால் ஆறாவது நிறுத்தம் திருமயிலை. காலை எட்டு மணி வாக்கில் மாட வீதியில் பூவும் காய்கறியும் வந்து குவிந்திருக்கும். சிற்றுண்டியை அங்கேயே முடித்துக்கொண்டு கபாலீசுவரர் கோயிலுக்குள் நுழையலாம். பிரகாரத்தில் புன்னை மரத்தைத் தேடிப் பாருங்கள். அம்பாள் மயிலுருவில் சிவலிங்கத்தைப் பூசித்த கதையைச் சொல்லும் சிறு சன்னதி அதன் பக்கத்தில்தான் இருக்கிறது. மயிலாப்பூரின் பெயருக்குச் சொல்லப்படும் விளக்கமும் அந்தக் கதையே. வெயில் ஏறுமுன் கிழக்கே நடந்தால் சாந்தோம் தேவாலயம்.

பதினொரு மணிக்குமேல் வந்த வழியே எழும்பூருக்குத் திரும்பி அருங்காட்சியகம் போகலாம். வளாகம் பெரியது. எல்லாக் கட்டடங்களையும் சுற்றி வந்தால் கால்தான் வலிக்கும், மனத்தில் எதுவும் தங்காது. வெண்கலக் காட்சிக்கூடம் ஒன்றுக்கே இரண்டு மணி நேரம் தரலாம். திருவாலங்காட்டு நடராசர் அங்கேதான் இருக்கிறார். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் புகைப்படங்களை மட்டும் பார்த்து வியந்து எழுதிய படிமம் அது. திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரின் முன்னால் நின்று கைகளை எண்ணிப் பாருங்கள். ஆண்பாதியில் இரண்டு, பெண்பாதியில் ஒன்று. சமமில்லாத அந்த எண்ணிக்கை கண்ணை உறுத்தாதபடி இடுப்பை வளைத்து நிற்க வைத்த சிற்பியின் கைத்திறம், அவசரமாகக் கடந்துபோகிறவர் கண்ணில் படாது.

அன்று வெள்ளிக்கிழமையானால் எழும்பூர் திரும்ப வேண்டியதில்லை. திருமயிலையிலிருந்து அதே பறக்கும் ரயிலில் தெற்கே மூன்றாவது நிறுத்தம் கோட்டூர்புரம். அங்கே 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் வெயில் தாழும்வரை படித்துக்கொண்டிருக்கலாம். பிள்ளைகளோடு வந்தவர்களுக்கு அங்கே குழந்தைகளுக்கென்றே தனிப்பகுதி உண்டு.

நாலரை மணிக்கு மறுபடி பறக்கும் ரயில் ஏறித் திருவல்லிக்கேணியில் இறங்கினால் மெரினா நடைதூரம். சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்குவதால் ஐந்து மணிக்குமேல் மணல் ஆறத் தொடங்கும், கடற்காற்றும் இருக்கும். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்வது அவசியம். மெரினாவில் அலையின் அடியிழுப்பு வலுவானது, நீந்தத் தெரிந்தவர்களும் அங்கே உயிரிழந்திருக்கிறார்கள்.

ஏழரைக்குக் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கும் காப்பறை வரிசைக்கும் நேரம் இருக்கும். அதற்கு முன், காலையில் பையை ஒப்படைக்கும்போதே பயணச்சீட்டில் புறப்படும் நிலையத்தின் பெயரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். எழும்பூருக்கு வந்து சேர்ந்தவருக்குத் திரும்பும் வண்டி தாம்பரத்திலிருந்து புறப்படுவதாகவும் இருக்கலாம். அப்படியானால் பையைத் தாம்பரத்துக்கு எடுத்துப்போக இன்னும் ஒரு மணி நேரமாவது முன்னதாகக் கடற்கரையை விட்டு எழுந்துவிட வேண்டும்.