பாதிக் கோணமும் முழு வட்டமும்

நுழையும்முன்

ஒரு தொகையின் மதிப்பு பூச்சியம் என்று கணக்கு காட்டுகிறது. அது பூச்சியமாக இருக்கவே முடியாது என்று வரைபடம் காட்டுகிறது. கணக்கின் படிகளோ அனைத்தும் சரியாகவே தோன்றுகின்றன. சைனும் கொசைனும் கலந்த கோவைகளைத் தொகையிட உதவும் சிறந்த வழி ஒன்றையும், அவ்வழியில் மறைந்துள்ள பள்ளத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

தடை எங்கே?

ஒரு பல்லுறுப்புக் கோவையை மற்றொரு பல்லுறுப்புக் கோவையால் வகுத்தால் கிடைப்பது விகிதமுறு கோவை. அதனைத் தொகையிடுவதற்கு உறுதியான வழி உண்டு. பகுதியைக் காரணிப்படுத்திக் கோவையைப் பகுதிப் பின்னங்களாகப் பிரித்தால், ஒவ்வொரு துண்டும் அறிந்த வாய்பாடு ஒன்றினுள் அடங்கிவிடும்.

ஆனால், பின்வரும் தொகையில் அவ்வழி நேராகப் பயன்படுவதில்லை.

∫ dx / (5 + 4 cos x)

இங்குப் பகுதியில் இருப்பது பல்லுறுப்புக் கோவை அன்று. பகுதி முழுவதையும் புதிய மாறியாகக் கொள்ளலாம் எனில், அதன் வகைக்கெழு −4 sin x தொகுதியில் இருத்தல் வேண்டும், அதுவும் இல்லை. எனவே sin x, cos x ஆகிய இரண்டையும் ஒரே நேரத்தில் விகிதமுறு கோவைகளாக மாற்றித் தரும் ஒரு புதிய மாறி தேவைப்படுகிறது. அந்த மாறியை ஓரலகு வட்டம் தருகிறது.

வட்டத்தை வெட்டும் கோடு

ஆதிப்புள்ளியை மையமாகக் கொண்ட ஓரலகு வட்டத்தில் x என்னும் கோணத்திற்கு உரிய புள்ளி P (cos x, sin x) ஆகும். வட்டத்தின் இடக்கோடியில் A (−1, 0) என்னும் புள்ளி உள்ளது. A, P ஆகியவற்றை ஒரு கோட்டால் இணைத்து, அக்கோட்டின் சாய்வை t எனக் கொள்க.

ஒரு வில் மையத்தில் தாங்கும் கோணம், அவ்வில் பரிதியில் தாங்கும் கோணத்தைப் போல் இரு மடங்கு என்பது முன்வகுப்புகளில் கற்ற தேற்றம். மையத்தில் உள்ள கோணம் x ஆதலால், A-இல் உள்ள கோணம் x/2 ஆகும். எனவே அக்கோட்டின் சாய்வு

t = tan (x/2)

அரைக்கோணம் இக்கணக்கினுள் நுழைவதற்குக் காரணம் இதுவே.

இனி P-இன் ஆயத்தொலைவுகளை (u, v) எனக் கொண்டால், அப்புள்ளி கோட்டின் மீது இருப்பதால் v = t (1 + u). வட்டத்தின் மீதும் இருப்பதால் u² + v² = 1. இரண்டையும் இணைத்தால்,

1 − u² = t² (1 + u)²

இடப்பக்கம் (1 − u)(1 + u) ஆகும். P என்பது A-இலிருந்து வேறுபட்ட புள்ளி எனில் 1 + u பூச்சியமாகாது. எனவே அதனால் இருபுறமும் வகுக்கலாம். கிடைப்பது 1 − u = t² (1 + u). இதிலிருந்து,

cos x = (1 − t²) / (1 + t²)
sin x = 2t / (1 + t²)

t-க்கு 1/2 என்னும் மதிப்பைத் தந்தால் கொசைன் 3/5 ஆகவும் சைன் 4/5 ஆகவும் அமைகின்றன. 3, 4, 5 என்னும் செங்கோண முக்கோணம் இங்கு வெளிப்படுகிறது.

எஞ்சியிருப்பது dx. t = tan (x/2) என்பதை வகையிட்டால் dt = ½ sec² (x/2) dx. sec² (x/2) என்பது 1 + t² ஆதலால்,

dx = 2 dt / (1 + t²)

இம்மூன்று சமன்பாடுகளும் சேர்ந்து, சைனும் கொசைனும் அமைந்த எந்த விகிதமுறு கோவையையும் t-இல் அமைந்த விகிதமுறு கோவையாக மாற்றிவிடும்.

ஒரு தொகை முழுமையாக

முதலில் கண்ட தொகையில் இவற்றைப் பிரதியிடலாம்.

5 + 4 cos x = [5(1 + t²) + 4(1 − t²)] / (1 + t²) = (9 + t²) / (1 + t²)

dx-இல் உள்ள 1 + t² இதனோடு நீங்கிவிட, தொகை மிக எளிய வடிவம் பெறுகிறது.

∫ 2 dt / (9 + t²) = (2/3) tan⁻¹ (t/3) + C

மீண்டும் x-க்குத் திரும்பினால்,

F(x) = (2/3) tan⁻¹ [ (1/3) tan (x/2) ] + C

இதனை வகையிட்டால் 1/(5 + 4 cos x) மீண்டும் கிடைக்கும்.

பூச்சியம் என்னும் விடை

இனி, y = 1/(5 + 4 cos x) என்னும் வளைவரைக்கும் x அச்சுக்கும் இடையே, x = 0 முதல் x = 2π வரை அமைந்த பரப்பு வேண்டும் எனக் கொள்க. அப்பரப்பைக் காண, F-இன் இறுதி மதிப்பிலிருந்து தொடக்க மதிப்பைக் கழித்தல் வேண்டும். x = 0 எனில் tan 0 = 0. x = 2π எனில் tan π = 0. இரு முனைகளிலும் F-இன் மதிப்பு ஒன்றே. எனவே பரப்பு பூச்சியம் என்று கணக்கு முடிகிறது.

இவ்விடை தவறு என்பதை எந்தத் தொகையிடலும் இன்றி அறியலாம். cos x-இன் மதிப்பு −1-க்கும் 1-க்கும் இடையில் இருப்பதால் 5 + 4 cos x என்பது 1-க்கும் 9-க்கும் இடையில் இருக்கும். ஆகவே வளைவரையின் உயரம் எங்கும் 1/9-க்குக் குறையாது, 1-ஐ மிஞ்சாது. அடிப்பக்கத்தின் நீளம் 2π. எனவே பரப்பு 2π/9-க்கும் 2π-க்கும் இடையில், அதாவது ஏறத்தாழ 0.70-க்கும் 6.28-க்கும் இடையில் இருந்தே ஆக வேண்டும். எங்கும் நேர்மதிப்புடைய சார்பின் பரப்பு பூச்சியமாகாது.

தவறு நுழைந்த இடத்தை வட்டமே காட்டுகிறது. கோணம் 0-இலிருந்து பெருகும்போது P மேல்நோக்கி நகர்ந்து A-ஐ நெருங்குகிறது. கோட்டின் சாய்வு எல்லையின்றிப் பெருகுகிறது. x = π ஆகும்போது P, A-இன் மீதே வந்து சேர்கிறது. அப்போது கோடு நிலைக்குத்தாகி, சாய்வே இல்லாமற்போகிறது. அதனைக் கடந்தவுடன் சாய்வு மிகப்பெரிய குறை எண்ணாகத் தோன்றி, மெல்ல உயர்ந்து பூச்சியத்தை அடைகிறது. 1 + u-ஆல் வகுத்தபோது விலக்கி வைக்கப்பட்ட புள்ளி இதுவே. அன்று விலக்கிய அந்த ஒரு புள்ளியை, முழு வட்டத்தையும் சுற்றிய பயணம் கவனமின்றிக் கடந்துவிட்டது.

F-இன் நடத்தையிலும் அதன் அடையாளம் தெரிகிறது. C-ஐப் பூச்சியமாகக் கொண்டால், x இடப்புறமிருந்து π-ஐ நெருங்கும்போது F-இன் மதிப்பு (2/3)(π/2), அதாவது π/3-ஐ நெருங்குகிறது. வலப்புறமிருந்து நெருங்கினாலோ −π/3-ஐ நெருங்குகிறது. π-இல் F தொடர்ச்சியற்றது. அங்கு அது 2π/3 அளவு கீழே விழுகிறது. முனை மதிப்புகளைக் கழித்துப் பரப்புக் காணும் விதியோ, இடைவெளி முழுவதும் தொடர்ச்சியான தொகையீட்டுக்கே பொருந்தும்.

திருத்தும் வழிகள்

முதல் வழி, இடைவெளியை π-இல் இரண்டாகப் பிரிப்பது. 0 முதல் π வரை F, பூச்சியத்திலிருந்து π/3-க்கு உயர்கிறது. π முதல் 2π வரை அது −π/3-இலிருந்து பூச்சியத்திற்கு உயர்கிறது. ஒவ்வொரு பாதியின் பரப்பும் π/3. மொத்தப் பரப்பு 2π/3, அதாவது ஏறத்தாழ 2.09. முன்னர்க் கணித்த எல்லைகளுக்குள் இவ்விடை அமைகிறது. கணக்கில் காணாமற்போன அளவும், F கீழே விழுந்த அளவும் ஒன்றே என்பது நோக்கத்தக்கது.

இரண்டாம் வழி, தாவல் இல்லாத தொகையீட்டைத் தேர்வது.

G(x) = x/3 − (2/3) tan⁻¹ [ sin x / (2 + cos x) ]

2 + cos x ஒருபோதும் பூச்சியமாகாது. எனவே G எங்கும் தொடர்ச்சியானது. sin x / (2 + cos x) என்பதை t-இல் எழுதினால் 2t/(3 + t²) ஆகும். tan (A − B) வாய்பாட்டில் tan A = t எனவும் tan B = 2t/(3 + t²) எனவும் இட்டால், சுருக்கத்தின் முடிவில் t/3 கிடைக்கிறது. ஆகவே −π-க்கும் π-க்கும் இடையில் G, F ஆகிய இரண்டும் ஒன்றே. ஆனால் G மட்டுமே π-ஐத் தடையின்றிக் கடக்கிறது. 0 முதல் 2π வரை G-இன் மாற்றம் 2π/3 என்பது ஒரே வரியில் கிடைத்துவிடுகிறது.

எப்போது இவ்வழி வேண்டா?

எக்கோவைக்கும் பொருந்தும் என்பதால் இவ்வழியே எப்போதும் எளிது என்று கொள்ளுதல் கூடாது. cos x / (4 + sin² x) என்பதைத் தொகையிட அரைக்கோணத்தைப் பயன்படுத்தினால் பகுதியில் 1 + 3t² + t⁴ என்னும் நான்காம் படிக் கோவை தோன்றும். மாறாக, sin x = s எனக் கொண்டால் cos x dx முழுவதும் ds ஆகிவிட, தொகை ∫ ds/(4 + s²) என ஒரே படியில் சுருங்கும். எனவே தொகுதியில் பகுதிக்குத் துணையான வகைக்கெழு உள்ளதா என்று முதலில் நோக்குதல் வேண்டும். அத்தகைய குறுக்குவழி இல்லாதபோது அரைக்கோணத்தை நாடுதல் தகும்.

தெரிந்து தெளிவோம்

சுவிட்சர்லாந்தில் பிறந்த கணித அறிஞர் லியோனார்டு ஆய்லர், 1768இல் வெளிவரத் தொடங்கிய தம் தொகை நுண்கணித நூலில் இப்பிரதியிடலைக் கையாண்டுள்ளார். பிற்காலப் பாடநூல்கள் பலவற்றில் இது ஜெர்மானியக் கணித அறிஞர் கார்ல் வையர்ஸ்ட்ராஸ் பெயரால் வழங்குகிறது. அவர் பிறந்த ஆண்டோ 1815.

கற்பவை கற்றபின்…

1. 1/(5 + 3 cos x) என்னும் சார்பை 0 முதல் 2π வரை தொகையிடுக. விடை எந்த இரு எண்களுக்கு இடையில் அமைய வேண்டும் என்பதை முதலில் எழுதி, பின்னர்க் கணக்கிடுக.

2. 1/(3 + 5 cos x) என்னும் சார்பில் t-ஐப் பிரதியிட்டால் பகுதியில் 4 − t² தோன்றும் எனக் காட்டுக. இச்சார்புக்கு 0 முதல் 2π வரை பரப்புக் காண முயன்றால் எழும் இடர்ப்பாடு, பாடத்தில் கண்ட இடர்ப்பாட்டிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என விளக்குக.