எலியைக் கவ்விய படமும் எழுதப்படாத கோரிக்கையும்

2017 மார்ச் 14 அன்று, அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்தார்கள். மண்டை ஓடுகளை ஏந்தினார்கள். எலியை வாயில் கவ்வினார்கள். பயிர்க்கடன் தள்ளுபடி, வறட்சி நிவாரணம், காவிரி மேலாண்மை வாரியம் ஆகியவை அவர்களின் முக்கியக் கோரிக்கைகள். 41 நாள் நீடித்த இந்தப் போராட்டத்தைத் தமிழ் நாளிதழ்கள் எப்படிச் சொன்னன என்று ஆராய ஒரு முன்மொழிவை இப்படி வகுக்கலாம்.

நோக்கம் ஒரே கேள்வி: வாசகருக்குக் காட்சி மட்டும் போய்ச் சேர்ந்ததா, காரணமும் சேர்ந்ததா?

முறை: மூன்று நாளிதழ்களில் அந்த 41 நாள் செய்திகளையும் திரட்ட வேண்டும். ஒவ்வொன்றிலும் பக்கம், படம், முதலில் மேற்கோள் காட்டப்பட்டவர், கோரிக்கை இடம்பெற்ற பத்தி ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். எலிப் படம் பெரிதாக இருந்து, கடன் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் அது 'காட்சிச் செய்தி'. பத்தில் ஒரு பங்குச் செய்திகளை இருவர் தனித்தனியே வகைப்படுத்த வேண்டும். முடிவுகள் அடிக்கடி முரண்பட்டால், வரையறையில்தான் குறை. அதைத் திருத்திய பிறகே தொடரலாம்.

திருச்சிப் பதிப்பும் சென்னைப் பதிப்பும் ஒரே செய்தியை வெவ்வேறு பக்கத்தில் போடக்கூடும். எனவே ஒரே ஊர்ப் பதிப்பையே எடுக்க வேண்டும்.

காலம்: திரட்ட இரண்டு மாதம், வகைப்படுத்த இரண்டு, நிருபர்களைப் பேட்டி காண ஒன்று, எழுத ஒன்று. செய்தி ஏன் அப்படி வந்தது என்பதைப் பேட்டிதான் சொல்லும், எண்ணிக்கை சொல்லாது. ஆகவே நாள் போதவில்லை என்று பேட்டியை மட்டும் வெட்டிவிடக் கூடாது.