இரண்டாம் வகுப்பு மாணவியின் இடக்கண்

சமுதாய நலச் செவிலியப் பயிற்சிக்காக எம் மாணவியர் இவ்வாண்டு ஓர் அரசுத் தொடக்கப் பள்ளிக்குச் சென்றனர். குழந்தைகளின் பார்வை, செவித்திறன், வளர்ச்சி ஆகிய மூன்றையும் பரிசோதிக்க நாங்கள் வகுத்த திட்டத்தில், முதல் நாள் முழுவதும் எந்தக் குழந்தையையும் பரிசோதிக்கவில்லை. இடம் பார்த்தோம், அளவு நாடாவால் தரையை அளந்தோம், பெற்றோருக்கு ஒப்புதல் கடிதம் அனுப்பினோம்.

பார்வைப் பரிசோதனைக்கு ஆறு மீட்டர் நீளமுள்ள, வெளிச்சம் நன்கு விழும் இடம் தேவை. எழுத்து அறியாத சிறுவர்களுக்காக ‘E’ வடிவம் பலவாறு திரும்பியிருக்கும் அட்டையைப் பயன்படுத்தினோம். அதன் கால்கள் எத்திசையில் நீண்டுள்ளனவோ அத்திசையில் குழந்தை கையைக் காட்டினால் போதும். வரிசையில் நிற்போர் முன்னவரின் விடையை மனப்பாடம் செய்துவிடுவர் என்பதால், காத்திருப்போரை அடுத்த அறையில் அமர்த்தினோம்.

இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இரு கண்களாலும் பார்த்தபோது எல்லா வரிகளையும் தடுமாற்றமின்றிக் காட்டினாள். இடக்கண்ணை மறைத்தபோதும் அப்படியே. வலக்கண்ணை உள்ளங்கையால் மூடச் சொன்னபோதும் முதலில் சரியாகவே காட்டினாள். ஆனால் அவள் தலையைச் சற்றே திருப்பி விரலிடுக்கு வழியே பார்ப்பதைப் பயிற்சி மாணவி கவனித்தார். கையை எடுக்கச் செய்து, தடித்த அட்டையால் மறைத்ததும் அவள் கை தயங்கி நின்றது. இடக்கண்ணின் பார்வை 6/24. அதாவது, இயல்பான கண் இருபத்து நான்கு மீட்டரில் காண்பதை அவள் ஆறு மீட்டரில்தான் கண்டாள். ஒரு கண்ணில் 6/9 வரி தெரியாவிடினும் பரிந்துரைக்க வேண்டும் என்பதே எங்கள் அளவுகோல்.

அவள் ஏமாற்ற எண்ணவில்லை. நல்ல கண் வேலையைச் செய்துவிடுவதால் மற்றொரு கண் மங்கலாக இருப்பதைக் குழந்தை உணர்வதே இல்லை. கரும்பலகையை நன்றாகப் படிப்பதாகவே ஆசிரியரும் கூறினார். எங்கள் கண் மருத்துவர், மருந்து ஊற்றிப் பரிசோதித்தபின், இடக்கண்ணில் மட்டும் தூரப்பார்வைக் குறை மிகுதியாக இருப்பதையும், அதனால் மூளை அக்கண்ணைப் புறக்கணித்து அது ‘சோம்பல் கண்’ ஆகியிருப்பதையும் கண்டறிந்தார். ஏழெட்டு வயதுக்குள் சிகிச்சை தொடங்கினால் பார்வை திரும்பும் வாய்ப்பு மிகுதி. வயது ஏற ஏற அது குறைகிறது. அவளுக்கு வயது ஏழு.

செவிப் பரிசோதனையில் வேறு வகைத் தொல்லை. குழந்தையின் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று, சோதிக்காத காதின் முன்மடலை விரலால் தேய்த்தவாறே எண்களை முணுமுணுத்து, திரும்பச் சொல்லச் செய்தோம். முதல் நாள் தேர்ந்த அறை சத்துணவுக் கூடத்தை ஒட்டியிருந்தது. பாத்திர ஓசையில் நலமான குழந்தைகளும் தவறினர். முடிவுகளை விலக்கி, மறுநாள் வேறு அறையில் மீண்டும் செய்தோம். அப்போதும் தவறியோரில் சிலருக்குக் குறும்பி அடைத்திருந்தது, சிலருக்குச் சளி. சளி பிடித்த குழந்தையின் நடுச்செவியில் நீர் தேங்கிக் கேட்பது மந்தமாகலாம். பல நேரங்களில் அது தானே வடிந்துவிடும். எனவே அவர்களைச் சில வாரங்களுக்குப் பின் மறுபரிசோதனை செய்ய வைத்தோம். காதில் சீழ் வடிவோரை மட்டும் காத்திருக்கவிடாமல் அன்றே அனுப்பினோம்.

உயரம் அளப்பது எளிது என்றே மாணவியர் எண்ணினர். பழைய பதிவேட்டைப் பார்த்தபோது ஒரு சிறுவன் ஓராண்டில் ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்திருந்தான்! குழந்தை குறுகாது; முன்பு காலணியுடன் அளந்திருக்க வேண்டும். ஆகவே குதிகால் சுவரைத் தொட, பார்வை நேராக இருக்க, சிறுமியரின் உச்சிப் பின்னலைத் தளர்த்தி இருமுறை அளந்தோம். அரை சென்டிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் மூன்றாம் முறையும் அளந்தோம். ஒரே ஓர் அளவு அதிகம் சொல்வதில்லை. பருவமடையும் முன் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் வளர்ச்சி காணப்படுகிறதா என்பதே கேள்வி. அதற்கு இன்றைய அளவு பிழையற்றதாக இருந்தாக வேண்டும்.

எங்கள் திட்டத்தில் நாங்கள் பிழைத்த இடம் பரிந்துரைச் சீட்டு. அச்சிறுமியின் சீட்டைப் புத்தகப் பையிலேயே அனுப்பினோம். இரு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தபோதுதான் தாய்க்கு அச்செய்தி தெரிந்தது. வேலைக்கு விடுப்பு எடுத்தால் ஒரு நாள் கூலி போய்விடும் என்று அவர் தயங்கவே, சனிக்கிழமை மாலை வர ஏற்பாடு செய்தோம். இப்போது சீட்டைப் பெற்றோரின் கையிலேயே கொடுக்கிறோம். பதிவேட்டில் ‘மருத்துவரைக் கண்டார்’ என்றொரு கட்டம் சேர்த்துள்ளோம். அது நிரம்பும்வரை அழைக்கிறோம்.

முதலில் கண்ணாடி மட்டும். சில வாரங்களுக்குப் பின், நாளுக்கு இரண்டு மணி நேரம் நல்ல கண்ணில் ஒட்டுப்பட்டை. கண்ணாடி அணியாமல் பட்டை மட்டும் ஒட்டுவதில் பயனில்லை என்பதைத் தாய்க்கு இருமுறை விளக்கினோம். கடந்த வருகையில் இடக்கண் 6/12 வரியைக் காட்டியது. பட்டை இன்னும் தொடர்கிறது.